தேன் வாங்குபவரின் பற்றை அளப்பது எப்படி? சந்தை ஆய்வில் ஏற்புடைமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்புடைமை, நம்பகத்தன்மை இரண்டும் ஒன்றுதானே? எதற்கு இரண்டு பெயர்?

மார்த்தாண்டம் பக்கம் தேன் வாங்கப் போகும் பலர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்பார்கள். அதில் ஒரு சொட்டுத் தேனை விடுவார்கள். சொட்டு கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தால் "சுத்தமான தேன்" என்று தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுப்பார்கள்.

இந்தச் சோதனையை அதே புட்டியில் பத்து முறை செய்தாலும் சொட்டு பத்து முறையும் அடியில்தான் உட்காரும். அம்மா செய்தாலும் மகன் செய்தாலும் அதே முடிவுதான் வரும். திரும்பத் திரும்ப அளந்தும் மாறாமல் வரும் இந்தத் தன்மையே நம்பகத்தன்மை. கல்லூரிகளில் ரிலையபிலிட்டி என்பார்கள்.

ஆனால் கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகையும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அதுவும் அப்படியே அடியில் உட்காரும். அடை மூடுமுன் அவசரப்பட்டு எடுத்த தேனில் நீர் அதிகம் இருக்கும். ஒரு துளி கலப்படம் இல்லாவிட்டாலும் அது சீக்கிரம் கரைந்துவிடும். அந்த டம்ளர் அளப்பது கெட்டித்தன்மையை. நாம் அறிய விரும்பியது தூய்மையை. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்ற கேள்விக்கான விடை ஏற்புடைமை, அதாவது வேலிடிட்டி. டம்ளர் சோதனைக்கு நம்பகத்தன்மை உண்டு, தூய்மையைப் பொறுத்தவரை ஏற்புடைமை இல்லை.

கீழே வரும் விடைகள் எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டையே வைத்துக்கொள்கிறேன். தேனீ வளர்ப்போர் குழு ஒன்று தன் வாடிக்கையாளர்களின் பற்றை ஒரு வினாத்தாளால் அளக்க விரும்புகிறது. சந்தையியல் பாடத்தில் பிராண்ட் லாயல்டி என்று படிப்பது இதைத்தான்.

எங்கள் வினாத்தாளின் நம்பகத்தன்மையைக் காட்டும் ஆல்ஃபா 0.93. அப்படியும் வழிகாட்டி ஆசிரியர் ஏற்க மறுக்கிறார். ஏன்?

உங்கள் வினாக்களை ஒரு முறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். எனக்கு வரும் தாள்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன: "இந்தத் தேனின் சுவை எனக்குப் பிடிக்கும்." "இந்தத் தேன் சுவையாக இருக்கிறது." "மற்றத் தேனைவிட இதன் சுவை நன்றாக இருக்கிறது." "இதன் சுவை எனக்கு நிறைவளிக்கிறது." ஒரே வினாவை நான்கு சட்டை மாற்றி நிறுத்தியிருக்கிறீர்கள். முதல் வினாவுக்கு ஐந்துக்கு 5 போட்டவர் மற்ற மூன்றுக்கும் 5 போடத்தான் செய்வார். விடைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போகும், ஆல்ஃபா ஏறும்.

கிரான்பாக் 1951இல் விளக்கிய இந்த ஆல்ஃபா, வினாக்கள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே சொல்கிறது. அவை எல்லாம் சேர்ந்து எதைக் குறிக்கின்றன என்பதை அது அறியாது. உங்கள் தாள் சுவை விருப்பத்தை மிக உறுதியாக அளந்திருக்கிறது. பற்றை அது தொடவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. வினாக்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலே ஆல்ஃபா கூடிவிடும். இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் எண் ஒட்டுறவு. வினாக்களுக்கு இடையிலான சராசரி ஒட்டுறவு 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 வினா இருந்தால் ஆல்ஃபா ஏறக்குறைய 0.68. அதே தரத்தில் 10 வினா வைத்தால் 0.81, 20 வைத்தால் 0.90. வினாக்களின் தரம் சிறிதும் உயரவில்லை, தாள்தான் நீண்டிருக்கிறது. "0.7க்கு மேல் வந்துவிட்டது, போதும்" என்று எழுதி முடிக்கும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. வேலை அங்கேதான் தொடங்குகிறது.

உள்ளடக்க ஏற்புடைமையை யார் முடிவு செய்வது? நானே படித்துப் பார்த்தால் போதாதா?

போதாது. பார்வைக்குச் சரியாகத் தோன்றுவது முக ஏற்புடைமை. அது மிகவும் பலவீனமான சான்று. உள்ளடக்க ஏற்புடைமை என்றால், அளக்கப்போகும் பொருளின் எல்லா முக்கியப் பகுதிகளும் வினாத்தாளில் இடம்பெற்றிருக்க வேண்டும், அதில் அடங்காதது எதுவும் உள்ளே வந்திருக்கக் கூடாது.

எனவே வினா எழுதும் முன் எல்லை வரைய வேண்டும். தேன் வாங்குபவரின் பற்றில் என்னென்ன அடங்கும்? மறுபடியும் அதே இடத்தில் வாங்குவது, பிறருக்குப் பரிந்துரைப்பது, விலை சற்று ஏறினாலும் விலகாமலிருப்பது, தேன் தீர்ந்துவிட்டால் அடுத்த எடுப்புவரை காத்திருப்பது, வேறொன்று மலிவாகக் கிடைத்தாலும் மனம் இதையே நாடுவது. இது வெறும் ஏட்டுப் பட்டியலாக நின்றுவிடாமலிருக்க, வாங்குபவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

பேசினால்தான் சில விஷயங்கள் தெரியவரும். வெளியிலிருந்து எடுக்கப்பட்ட வினாத்தாள்களில் "மாதத்துக்கு எத்தனை முறை வாங்குகிறீர்கள்?" என்ற வினா தவறாமல் இருக்கும். குமரி மாவட்டத்தில் தேனின் பெரும்பகுதி ரப்பர் தோட்டங்களிலிருந்து வருகிறது. ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புது இலை விடும் காலத்தில், இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பைத் தேனீக்கள் எடுக்கின்றன. மாசி, பங்குனிதான் பருவம். பல குடும்பங்கள் அந்தப் பருவத்தில் தெரிந்த ஒருவரிடம் இரண்டு மூன்று புட்டி வாங்கி வைத்துவிட்டு, குழந்தைக்கு இருமல் வந்தாலும் நாட்டு மருந்து குழைக்க வேண்டியிருந்தாலும் எடுத்து ஆண்டு முழுக்கப் புழங்குவார்கள். பதினைந்து ஆண்டாக ஒரே ஆளிடம் ஆண்டுக்கு ஒரு முறை வாங்குபவர், மாதக் கணக்கு கேட்கும் வினாவில் பற்றே இல்லாதவராகப் பதிவாகிவிடுவார்.

வளைகுடாவில் இருக்கும் மகனுக்குக் கொடுத்தனுப்ப வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தேனே உண்ணாமலிருக்கலாம். ஆனால் ஊர்த்தேன் என்று சொல்லி அனுப்பும் ஒரு புட்டியில் எவ்வளவு பற்று இருக்கிறது! "நீங்கள் இதை விரும்பி உண்கிறீர்களா?" என்ற வினாவின் கண்ணில் அது படவே படாது.

இப்படித் திரட்டிய வினாக்களைத் துறை அறிந்த சிலரிடம் கொடுக்க வேண்டும்: தேனீ வளர்ப்பவர், விற்பவர், நெடுநாள் வாடிக்கையாளர், சந்தையியல் ஆசிரியர். ஒவ்வொரு வினாவையும் அவர்கள் "இன்றியமையாதது", "பயனுள்ளது, ஆனால் இன்றியமையாததல்ல", "தேவையில்லை" என்று குறிப்பார்கள். லாஷே 1975இல் தந்த கணக்கு எளிது. இன்றியமையாதது என்றவர்களின் எண்ணிக்கையிலிருந்து குழுவின் பாதியைக் கழித்து, அதைப் பாதியாலேயே வகுக்க வேண்டும். பத்துப் பேரில் ஒன்பது பேர் இன்றியமையாதது என்றால் 9இலிருந்து 5 போக 4. 4ஐ 5ஆல் வகுத்தால் 0.8. ஏழு பேர் மட்டும் சொன்னால் 0.4. பத்துப் பேர் குழுவுக்கு அவர் வைத்த குறைந்தபட்ச எல்லை 0.62. முதல் வினா நிற்கும், இரண்டாவது வெளியேறும்.

இந்தக் கணக்குக்கு ஒரு குறை உண்டு. அது கொடுத்த வினாக்களைத்தான் சலிக்கும். விடுபட்ட வினாவைக் கண்டுபிடிக்காது. ஆகையால் குழுவினரிடம் "இதில் எது இல்லை?" என்று கடைசியில் கட்டாயம் கேளுங்கள். வளைகுடாப் புட்டி அந்தக் கேள்விக்குத்தான் வெளிவரும்.

உலகம் முழுக்கப் பயன்படும் ஆங்கில வினாத்தொகுதியை மொழிபெயர்த்தால், அதன் ஏற்புடைமையும் கூடவே வந்துவிடும் அல்லவா?

வராது. கருங்கல் பக்கம் ஒரு வீட்டில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். லாயல்டி என்பதை அகராதி பார்த்து "விசுவாசம்" என்று மொழிபெயர்த்திருந்தேன். "இந்தத் தேனுக்கு நான் விசுவாசமாக இருக்கிறேன்: முற்றிலும் உடன்படுகிறேன் முதல் முற்றிலும் மறுக்கிறேன் வரை" என்று வாசித்தேன். மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பாட்டி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "விசுவாசம் ஆண்டவரிடம் வைப்பது, மக்களே. தேனிடம் எதற்கு?" என்றார்.

தேவாலயங்கள் நிறைந்த அந்தப் பகுதியில் அந்தச் சொல் இறைநம்பிக்கைக்கு உரியது. அவர் "மறுக்கிறேன்" என்று சொல்லியிருந்தால், அதே தேனீக்காரரிடம் காலங்காலமாக வாங்கிய ஒருவரை நான் பற்றற்றவராகக் குறித்திருப்பேன். இரண்டு வாரம் கழித்துப் போய் மறுபடி கேட்டிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும். மறுசோதனை நம்பகத்தன்மை இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது.

அதன் பிறகு நான் எந்த வினாவையும், பத்துப் பன்னிரண்டு பேரிடம் "இந்தக் கேள்வியை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்? உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேட்காமல் களத்துக்குக் கொண்டுபோவதில்லை. அந்த வினா இப்போது "வேறு எங்கு கிடைத்தாலும் இவரிடம்தான் தேன் வாங்குவேன்" என்று இருக்கிறது.

கருத்தாக்க ஏற்புடைமைதான் புரியவில்லை. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை அளந்துவிட்டோம் என்று எப்படி நிரூபிப்பது?

ஒரே அடியில் நிரூபிக்க முடியாது. கிரான்பாக்கும் மீலும் 1955இல் எழுதியதன் சாரம் இதுதான்: பற்று என்பது நாம் உருவாக்கிய ஒரு கருத்து, அது உண்மையானால் வேறு என்னென்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

தேனுக்கு வருவோம். முதல் எதிர்பார்ப்பு, வேறு வழியில் அளந்தாலும் பற்று அதே திசையைக் காட்ட வேண்டும். வினாத்தாளில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் முன் இரண்டு புட்டிகளை வையுங்கள்: ஒன்று அவர் வழக்கமாக வாங்குவது, மற்றது 50 ரூபாய் மலிவானது. தாளில் 5 போட்டவர்கள் பெரும்பாலும் மலிவானதை எடுத்தால், உங்கள் தாள் வேறு எதையோ அளந்திருக்கிறது. இதைக் குவி ஏற்புடைமை என்பார்கள்.

இரண்டாவது, பற்று வேறு, திருப்தி வேறு என்று தாள் பிரித்துக் காட்ட வேண்டும். கன்னியாகுமரிக் கடற்கரைக்குச் சுற்றுலா பஸ்ஸில் வந்து ஒரு புட்டி வாங்கிப் போனவருக்கு அந்தத் தேன் மிகவும் பிடித்திருக்கலாம். அவர் திருப்தியடைந்தவர், பற்றுள்ளவர் அல்லர். உங்கள் பற்று மதிப்பெண்ணும் திருப்தி மதிப்பெண்ணும் 0.9 அளவுக்கு ஒட்டிப்போனால், ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். இது பிரித்தறி ஏற்புடைமை. மாணவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். உயர்ந்த ஒட்டுறவு கிடைத்ததும் மகிழ்ந்துவிடுகிறார்கள். எங்கே ஒட்டுறவு குறைவாக இருக்க வேண்டும் என்று யோசிப்பதில்லை.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. தேனில் குளுக்கோஸ் மிகுந்திருந்தால் அது நாளடைவில் உறைந்து மணல்மணலாகும். ரப்பர்த் தேன் எளிதில் உறையும். உறைந்த புட்டியைப் பார்த்ததும் பலர் "சீனி கலந்திருக்கிறார்கள்" என்று முடிவுகட்டி விடுகிறார்கள். ஆழ்ந்த பற்றுள்ளவர் அந்த நேரத்தில் என்ன செய்வார்? விற்றவரையே கூப்பிட்டு விசாரிப்பார். இளஞ்சூட்டு வெந்நீரில் வைத்தால் இளகிவிடும் என்று கேட்டறிந்து அப்படியே செய்வார். பற்றில்லாதவர் சொல்லாமல் விலகுவார். ஆகவே, "தேன் உறைந்தபோது என்ன செய்தீர்கள்?" என்பதற்கான விடையும் பற்று மதிப்பெண்ணும் சேர்ந்து போக வேண்டும். இப்படி ஒரு எதிர்பார்ப்பை எழுத, பொருளை நெருங்கி அறிந்திருக்க வேண்டும். புள்ளியியல் மென்பொருள் இதைத் தராது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பற்று, திருப்தி, பரிந்துரை எல்லாவற்றையும் ஒரே தாளில், ஒரே ஐந்து புள்ளி அளவில், ஒரே அமர்வில் கேட்டால், தாளே ஒட்டுறவை உண்டாக்கிவிடும். எல்லாவற்றுக்கும் 4 போடும் பழக்கம் உள்ளவர் எல்லாவற்றுக்கும் 4தான் போடுவார். கேட்பவர் விற்பவரின் மருமகனாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். முகத்துக்காக எல்லாரும் நல்லதையே சொல்வார்கள். காம்ப்பெல்லும் ஃபிஸ்கேயும் 1959இல் ஒரே பண்பைப் பல முறைகளில் அளக்கச் சொன்னது இதற்காகத்தான். வினாத்தாளோடு புட்டித் தேர்வையும், உறைந்த தேன் பற்றிய நேர்காணலையும் சேர்ப்பதன் காரணமும் அதுவே.

எதிர்பார்த்தது நடக்காவிட்டால் வினாத்தாள் தவறு என்று உடனே முடிவுகட்டக் கூடாது. பற்றைப் பற்றிய நம் கருத்தே தவறாகவும் இருக்கலாம். ஒரு முடிவை வைத்து இரண்டில் எது என்று சொல்ல இயலாது. அதனால்தான் பல எதிர்பார்ப்புகள் தேவைப்படுகின்றன.

அளவுகோல் ஏற்புடைமைக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். எண்கள் விளங்குவதற்காக நானே வைத்தவை. பங்குனியில் 60 வாடிக்கையாளர்களிடம் வினாத்தாளைக் கொடுக்கிறீர்கள். மதிப்பெண்ணைச் சரிபாதியாகப் பிரித்து 30 பேர் உயர்வு, 30 பேர் தாழ்வு என்று வைக்கிறீர்கள். அடுத்த ஆண்டு பருவம் முடிந்ததும் விற்பனைப் புத்தகத்தைத் திறந்து, யார் மறுபடி வாங்கினார்கள் என்று பார்க்கிறீர்கள். உயர்ந்த 30இல் 24 பேர் வந்திருக்கிறார்கள், தாழ்ந்த 30இல் 9 பேர். இதன் ஒட்டுறவு ஏறக்குறைய 0.50 வரும். மனித நடத்தையை ஓராண்டுக்கு முன்பே கணிக்கும் ஒரு வினாத்தாளுக்கு இது நல்ல எண்.

இங்கே மறுவாங்கல்தான் வெளியில் நிற்கும் அளவுகோல். அது பின்னால் நடப்பதால் இது முன்கணிப்பு ஏற்புடைமை. வினாத்தாள் கொடுத்த அன்றே, அதற்கு முந்தைய ஆண்டுகளின் பதிவோடு ஒப்பிட்டால் உடன்நிகழ் ஏற்புடைமை. ஓராண்டு காத்திருக்க முடியாத மாணவருக்கு இரண்டாவது கைகொடுக்கும், ஆனால் சான்று சற்று இளைத்தது. நெடுநாள் வாங்கியதால் பற்று வந்ததா, பற்றால் வாங்கினாரா என்று அதில் பிரித்தறிய முடியாது.

இந்த முறையில் தவறுவது பெரும்பாலும் அளவுகோல்தான். விற்பனைப் புத்தகத்தில் பெயர் எழுதாமல் போனவர் "வரவில்லை" என்று பதிவாகிறார். தன் பெயரில் வாங்காமல் தம்பியை அனுப்பியவரும் அப்படியே. மழையால் தேன் குறைந்த ஆண்டில், வந்தும் கிடைக்காமல் திரும்பியவரும் கணக்கில் விலகியவராகிறார். தேன் எடுக்கும் இடத்துக்கே வந்தவர்களிடம் மட்டும் தாளைக் கொடுத்தால், எல்லாரும் ஏற்கெனவே பற்றுள்ளவர்களாக இருப்பார்கள். மதிப்பெண்களில் விரிவே இருக்காது, ஒட்டுறவு சுருங்கும்.

இவற்றையெல்லாம்விட மோசமான ஒன்று இருக்கிறது. யார் உயர்ந்த மதிப்பெண் பெற்றார் என்று விற்பவருக்குத் தெரிந்துவிட்டால், பருவம் தொடங்கியதும் அவர்களைத்தான் முதலில் தொலைபேசியில் அழைப்பார். அவர்கள் வந்து வாங்குவார்கள். உங்கள் வினாத்தாள் கணித்ததாகத் தோன்றும். உண்மையில் அழைப்புதான் கொண்டுவந்திருக்கும். மதிப்பெண் பட்டியலை ஓராண்டு பூட்டி வையுங்கள்.

நம்பகத்தன்மை குறைந்திருந்தும் ஏற்புடைமை அதிகமாக இருக்க முடியுமா?

முடியாது, அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வெளி அளவுகோல் பிழையே இல்லாததாக இருந்தாலும், அதனோடு உங்கள் தாளின் ஒட்டுறவு நம்பகத்தன்மையின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. நம்பகத்தன்மை 0.64 என்றால் உச்சம் 0.8. 0.36 என்றால் உச்சம் 0.6.

இந்த உறவு ஒருவழிப் பாதை. நம்பகத்தன்மை இல்லாவிட்டால் ஏற்புடைமைக்கு இடமில்லை. நம்பகத்தன்மை இருப்பதால் ஏற்புடைமை வந்துவிடுவதும் இல்லை. அதனால் 0.93ஐ 0.95 ஆக்கப் பாடுபடுவதைவிட, வளைகுடாப் புட்டிக்கு ஒரு வினா சேர்த்து 0.85க்கு இறங்குவது பெரும்பாலும் நல்ல பேரம்.

பெரிய நிறுவனங்கள்கூட இதில் தவறியிருக்கின்றனவா?

கோகோ கோலா 1985இல் தன் பானத்தின் செய்முறையை மாற்றியது. அதற்கு முன் ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தியிருந்தது. புதிய சுவையே மேல் என்று சோதனைகள் கூறின. ஏப்ரல் 23 அன்று அறிவிப்பு வந்தது. மக்களின் எதிர்ப்பால் 79 நாளில் பழைய பானம் திரும்பி வருவதாக நிறுவனம் அறிவித்தது. அத்தனை பேரிடம் கேட்டும், அளக்கப்பட்டது சில வாய்ச் சுவை. பழைய பானத்தை இழப்பது குறித்த மனநிலை சோதனையின் எல்லைக்குள் போதிய அளவு வரவில்லை. முதலில் சொன்ன சுவை வினாத்தாளும் இதே இடத்தில்தான் இடறியது.

ஒரு முறை சரிபார்த்த வினாத்தாளை வேறு ஊரிலும் வேறு பொருளுக்கும் அப்படியே பயன்படுத்தலாமா?

ஏற்புடைமை தாளுக்கு உரியதன்று. அந்த மதிப்பெண்ணை யாரிடம், எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்பதற்கு உரியது. மார்த்தாண்டத்தில் ஆண்டுக்கொரு முறை வாங்கும் குடும்பங்களுக்காகச் செய்த தாள், கடற்கரைக் கடையில் வாங்கும் சுற்றுலாப் பயணிக்குப் பொருந்தாது. "தேன் தீர்ந்தால் அடுத்த எடுப்புவரை காத்திருப்பேன்" என்ற வினாவுக்கு அவரால் விடையே சொல்ல இயலாது. நேந்திரங்காய் சிப்ஸுக்கு அதே தாளைக் கொண்டுபோனாலும் அந்த வினா உதிர்ந்துவிடும். சிப்ஸ் ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது, அங்கே மாதக் கணக்குதான் பொருந்தும்.

தேனுக்கே பயன்படுத்தினாலும், புது ஊரில் முதலில் பத்துப் பேரிடம் வினாக்களை வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். தோவாளைப் பக்கம் போனால் "எடுப்பு" என்ற சொல்லுக்கே விளக்கம் கேட்பவர்கள் இருப்பார்கள்.